சவரியம்மாள் பாஸான பரிசோதனை

"கால் வீங்குனா அவ்வளவா பயமில்லக்கா. மூஞ்சியும் கையும் வீங்குனா சொல்லியனுப்பணும். தலைவலி விடாம இருந்தா, கண்ணு மங்குனா, நெஞ்சுக்குழிக்குக் கீழ வலிச்சா, அப்பவே கூட்டிட்டு வரணும். நாளைக்குன்னு தள்ளக்கூடாது."

"இன்னா நர்சம்மா இப்டி சொல்ற? கல்யாணம் கட்டிக்கினு வரசொல்ல துடப்பக்குச்சி மாதிரி இருந்தவ. இப்ப பாரு, மூஞ்சி பூரி கணக்கா உப்பிக்கினு கீது. என் வூட்டு சோறும்மா அது!"

போன வாரம் நர்ஸ் ரத்னாவிடம் பேசிய இந்தப் பேச்சுதான் இப்போது சவரியம்மாளின் நினைவுக்கு வந்தது. மருமகள் செல்வமேரி தலையில் துணியை இறுகக் கட்டிக்கொண்டு சுவர் ஓரமாகச் சுருண்டு படுத்திருந்தாள். தைலம் தேய்த்தாயிற்று, சுக்குப் பற்றுப் போட்டாயிற்று, திருஷ்டியும் கழித்தாயிற்று. தலைவலி அசையவில்லை.

சவரியம்மாளுக்கு மூன்றும் ஆண்பிள்ளைகள். அவள் பெற்றதெல்லாம் அவள் அம்மா வீட்டில். மூத்த மருமகள்கள் இருவரும் பெற்றது அவரவர் அம்மா வீட்டில். பேரப்பிள்ளைகள் மூன்றாம் மாதம் மையும் பவுடருமாகத்தான் அவள் கைக்கு வந்தார்கள். பிறந்த சூட்டோடு ஒரு பிள்ளையை வாங்கிக் குளிப்பாட்ட வேண்டும் என்ற ஆசையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டால் சிரிப்பார்கள்.

கேட்காமலே காரியத்தை முடிக்கப் பார்த்தாள். செல்வமேரியின் புருஷன், கடைக்குட்டி அருள்நாதனுக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் புதிதாக வந்த கம்பெனியில் ஷிப்ட் வேலை. வாலாஜாபாத்திலிருந்து சம்பந்தி அன்னபுஷ்பம் ஏழாம் மாதமே பெண்ணை அழைத்துப்போக வந்தாள். "மாதா திருவிழா முடியட்டும்" என்றாள் சவரியம்மாள். திருவிழா முடிந்ததும் "மழை நிக்கட்டும்" என்றாள். அதோடு, "எங்க வூட்ல பொண்ணு எப்டி தேறியிருக்கு பாத்தீங்களா சம்பந்தி?" என்று செல்வமேரியின் கன்னத்தைப் பிடித்துத் திருப்பிக் காட்டினாள். மோதிரம் விரலில் புதைந்து கழற்ற முடியாமல் போனதைக்கூடத் தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

நர்ஸ் ரத்னாவுக்கு மட்டும் அந்தப் பெருமையில் பங்கில்லை. பிள்ளைப்பாக்கம் துணை சுகாதார நிலையத்தில் எடை பார்த்து முகம் சுளித்தாள். கையில் பட்டை கட்டி பிரஷர் பார்த்தாள். "நூத்தி நாப்பது, தொண்ணூறு. எல்லைக்கோட்டுல நிக்குது" என்றவள், இருமல் மருந்து பாட்டில் ஒன்றைக் கழுவிக் கொடுத்து, காலையில் நீர் பிடித்து அனுப்பச் சொன்னாள். "அதுல கோளாறு இருந்தா ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவேன்."

ஆஸ்பத்திரி என்றால் அன்னபுஷ்பம் ஓடிவருவாள். பெண்ணை அள்ளிக்கொண்டு போய்விடுவாள். சவரியம்மாள் இரவெல்லாம் யோசித்தாள். ஐம்பதைத் தொட்டும் ஒரு ஊசிகூடப் போட்டுக்கொள்ளாத உடம்பு தன்னுடையது. பரீட்சை என்று வந்தால் நன்றாக எழுதுகிறவர்தானே எழுத வேண்டும்? விடிந்ததும் செல்வமேரி பிடித்து வைத்த பாட்டிலைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய்க் கொட்டிக் கழுவிவிட்டு, தானே அதை நிரப்பினாள்.

ரத்னா அதைச் சோதனைக் குழாயில் ஊற்றிச் சூடுகாட்டினாள். கண்ணாடியாகத் தெளிந்து நின்றது. "ஒன்னுமில்ல. நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும், அடுத்த வாரம் திரும்பப் பார்ப்போம்" என்றாள். வரும் வழியில் சவரியம்மாள் கால்கிலோ வெல்லம் வாங்கிப் பாயசம் வைத்தாள்.

அந்தப் பாயசம்தான் இப்போது நெஞ்சில் நின்றது.

"அத்தே," என்றாள் செல்வமேரி கண்ணைத் திறக்காமல். "கண்ணு முன்னாடி பூச்சி பூச்சியா மினுக்குது. இங்க வேற வலிக்குது." கை நெஞ்சுக்குழிக்குக் கீழே போயிற்று. "டெஸ்ட்ல தான் ஒன்னுமில்லன்னுட்டாங்களே. சும்மா சூடுதான் போலக்கீது."

சவரியம்மாள் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள்.

ரத்னா குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். இடுப்புப் பிள்ளைகளோடு நாலைந்து பெண்கள் நின்றார்கள்.

"நர்சம்மா, எங்க தெருவுல ஒருத்தி... மருமவ நீருக்குப் பதிலா வேற யாரோடதோ குடுத்துட்டாளாம். அதனால இன்னாவாவது ஆவுமா?"

"யாரு அது?"

"நீ அவள அறிய மாட்ட."

"யாரோடத குடுத்தா?"

"ஒரு பொம்பள. நல்ல திடகாத்திரமான பொம்பள."

ரத்னாவின் கை நின்றது. சவரியம்மாளை மேலும் கீழும் பார்த்தாள். "அக்கா! செல்வமேரிக்கு இப்ப என்ன பண்ணுது?"

"தலைவலி. கண்ணு மினுக்குதாம். நீ சொன்ன எடத்துல வலி." வாசலை மறித்தபடி நின்றாள். "அது என்னுதும்மா. அந்த பாட்டில்ல இருந்தது என்னுது. உன் தலையில அடிச்சி சொல்றேன்..."

"என் தலைய விடுங்க, வழிய விடுங்க!"

பின்னால் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பில் குலுங்கினார்கள். ரத்னா பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னே பாய, சவரியம்மாள் பின்னே ஓடினாள்.

வீட்டில் பட்டையைக் கட்டிப் பார்த்த ரத்னா எண்ணைச் சத்தமாகவே சொன்னாள். "நூத்தி எழுபது, நூத்திப் பத்து." அடுத்த பாட்டிலை அவள் யாரிடமும் கொடுக்கவில்லை. செல்வமேரியைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய், வாசலில் காவல் நின்று வாங்கி வந்தாள். விளக்கின் மேல் குழாயைக் காட்டியதும் மேலே வெள்ளையாகத் திரண்டது. அமிலம் சொட்டு விட்டும் கரையவில்லை. மோர் மாதிரி நின்றது.

"இது இன்னா நர்சம்மா?"

"உடம்போட சத்து, வெளிய எறங்குது. பிரஷர் ஏறி இதுவும் சேர்ந்துட்டா சோறு போட்டு ஊதின ஊதல் இல்லக்கா இது. விட்டா ஜன்னி வந்து கைகால் வெட்டி இழுக்கும். பொண்ணுக்கும் ஆபத்து, புள்ளைக்கும் ஆபத்து."

ஜன்னி என்ற சொல்லைக் கேட்டதும் சவரியம்மாள் மாதா படத்தைப் பார்க்கவில்லை, ரத்னாவைத்தான் பார்த்தாள். "ஜீப்புக்கு சொல்லும்மா. எங்க வேணாலும் கூட்டினு போ."

ரத்னாவும் ஏறிக்கொள்ள, ஆரம்ப சுகாதார நிலையத்து ஜீப் ஒரகடம் தாண்டிக் குலுங்கிக் குலுங்கிப் போயிற்று. செல்வமேரியை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்ட சவரியம்மாள், பள்ளம் வரும்போதெல்லாம் டிரைவரின் ஏழு தலைமுறையையும் இழுத்தாள்.

"அத்தே, சிரிப்பு காட்டாத. தல தெறிக்குது."

"நான் எங்கடி சிரிப்பு காட்டுறேன்? திட்டுறேன்!"

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பிரஷருக்கு மருந்தும் ஜன்னி வராதிருக்க ஊசியும் போட்டார். "மாசமும் கிட்ட வந்தாச்சு. இதுக்கு முடிவான வைத்தியம் பிரசவம்தான்" என்று சொல்லி வலி வர டிரிப்பில் மருந்து ஏற்றினார். மறுநாள் மதியம் பெண்குழந்தை பிறந்தது. சற்றே மெலிவு, ஆனால் குரல் மட்டும் வார்டையே எழுப்பியது. அருள்நாதன் ஷிப்ட் முடித்த காக்கிச்சட்டையோடு வெளியே நின்று, யாரைப் பார்த்தாலும் கும்பிட்டான்.

"இன்னும் கண்டம் முழுசா தாண்டல" என்றார் டாக்டரம்மா. "பிள்ளை பெத்த பிறகும் ஜன்னி வரலாம். பிரஷர் எறங்குற வரைக்கும் இங்கதான்."

சாயங்காலம் அன்னபுஷ்பம் வந்து இறங்கினாள். மகளைப் பார்த்து அழுது, பேத்தியைப் பார்த்து அழுது, கடைசியில் வராந்தாவில் உட்கார்ந்திருந்த சம்பந்தியின் பக்கம் திரும்பினாள்.

"நர்சு எல்லாத்தையும் சொல்லுச்சு."

சவரியம்மாள் முந்தானையைத் திருகினாள். "திட்டுங்க சம்பந்தி. நல்லா நாலு கேளுங்க."

"கேக்கத்தான் போறேன். எம் பொண்ணு உசுரோட வெளையாடினீங்களே?"

"ஆமா."

"அவ நீருக்கு பதிலா உங்களுத குடுத்தீங்களே, உங்களுக்கு இன்னா புள்ளயா பொறக்கப்போவுது?" சொல்லும்போதே அன்னபுஷ்பத்துக்கு அடக்க முடியாமல் ஒரு சிரிப்பு வெடித்தது. உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "டாக்டர் அனுப்புனதும் வாலாஜாபாத்துக்குத்தான் கூட்டினு போவேன். மழ, திருவிழான்னு வாயத் தொறக்கக்கூடாது."

"தொறக்க மாட்டேன். கூட்டினு போங்க. டாக்டரு சொல்ற நாளெல்லாம் பிரஷர் பாக்க விடுங்க. தலவலின்னு சொன்னா நாளைக்கின்னு தள்ளாதீங்க."

"அப்புறம் ஏன் இப்டி முழிக்கிறீங்க?"

உள்ளே குழந்தை அழுதது. சம்பந்தி வீட்டில் போய் ஒருவேளைக்கு மேல் கை நனைத்தால் ஊர் என்ன பேசும் என்று சவரியம்மாளுக்குத் தெரியும். மூன்று பேரப்பிள்ளைகளுக்கும் இந்த இடத்தில்தான் வாயை மூடிக்கொண்டாள். முந்தானையை விட்டுவிட்டு அன்னபுஷ்பத்தின் கையைப் பிடித்தாள்.

"சம்பந்தி, என்னையும் கூட்டினு போங்க. ஒரு மூலையில படுத்துக்கிறேன், பாத்திரம் கழுவுறேன். புள்ளய ஒரு தபா குளிப்பாட்டக் குடுங்க."