கேப்டன் நடந்த பாதை

என் மனைவி ஷாஹிதா கையில் பென்சிலோடு ஒரு புத்தகத்தைத் திறந்தால், அந்தப் புத்தகத்துக்கு அன்று நேரம் சரியில்லை. கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவள். எனக்குத் தொழில் படகு. அந்தமானில், பாம்பூஃப்ளாட் ஜெட்டியிலிருந்து சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு சதுப்புக் காட்டு ஓடைகளுக்குள் போய் வருவேன். இப்போதெல்லாம் எல்லோரும் ஹேவ்லாக் தீவுப் பக்கம் பறக்கிறார்கள். என் படகில் ஏற ஆளில்லை.

ஹேடோவில் லாட்ஜ் நடத்தும் பன்னீர்செல்வம்தான் ஒரு வழி சொன்னார். நூறு வருஷத்துக்கும் முந்தி லண்டனில் அச்சான ஒரு சாகச நாவல். கேப்டன் விட்லோ என்ற வெள்ளைக்காரர் இந்தத் துறைமுகத்தைப் படகில் கடந்து, ஓடைக்குள் புகுந்து, காட்டில் புதையல் தேடியதைத் தானே சொல்கிற கதை. "கேப்டன் போன வழியிலயே கூட்டிட்டுப் போங்க பாய். சென்னையிலருந்து ஏஜெண்டுங்க ஞாயித்துக்கிழமை வர்றாங்க. அவங்களுக்குப் பிடிச்சா சீசன் முழுக்க உங்க படகுதான்." பிடிக்காவிட்டால் படகை விற்க வேண்டியதுதான். இதை அவர் சொல்லவில்லை. எனக்கே தெரியும்.

படகில் சொல்ல வேண்டிய கதையை எழுதித் தரும்படி ஷாஹிதாவிடம் கேட்டேன். புலியிடம் ஆட்டுக்குட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொன்ன மாதிரி ஆயிற்று.

முதல் நாள் சாப்பிட உட்காரும்போதே ஆரம்பித்தாள். "ஏங்க, இந்தக் கேப்டனோட நாய்க்கு என்ன பேரு?"

"டஃபி."

"படகு வலிச்சாங்களே ஆறு பேரு, அவங்க பேரு?"

நான் யோசித்தேன். அப்படி யாரும் இருந்ததாகவே நினைவில்லை. அவள் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினாள். ஒரே ஒரு வரி. ஆறு துடுப்புகள் தண்ணீரைக் கிழித்தன என்று இருந்தது. அவ்வளவுதான்.

"துடுப்பு தானா வலிக்குமா? அந்தக் காலத்துல இங்க துடுப்பு போட்டது யாரு? சங்கிலி போட்டுக் கப்பல்ல கொண்டாந்த கைதிங்க. கரையில ஏழு பெட்டி இறங்குது. அடுத்த அத்தியாயத்துல அதே ஏழு பெட்டி குன்று மேல இருக்கு. யாரு சுமந்தா?"

"கதைன்னா அப்படித்தான் இருக்கும்."

"கதைன்னா அப்படித்தான். அதான் எதை விட்டுட்டுச் சொல்றாங்கன்னு பாக்கணும்." அவள் கோபப்படவில்லை. அந்த ஆள் கடலை எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறார் என்று ஒரு பத்தியை வாய்விட்டு வாசித்தும் காட்டினாள். புத்தகத்தைத் தூக்கி எறிகிற ஜாதி இல்லை அவள். எழுதினவர் கையாலேயே வாக்குமூலம் வாங்குகிற ஜாதி.

மறுநாள் கடைசி அத்தியாயத்திலிருந்து தொடங்கினாள். கேப்டன் இங்கிலாந்தில் பெரிய மாளிகையில் வாழ்கிறார். பணம் புதையலில் வந்தது என்றுதான் நான் படித்தபோது நினைத்தேன். புதையலே கிடைக்கவில்லையாம். மாமாவின் அந்தமான் மர வியாபாரத்தில் பங்கு கிடைத்தது என்று ஒரு வரி, விருந்து வர்ணனைக்கு நடுவில். "எந்த மரம்? நம்ம படாக் மரம். வெட்டினது யாரு, எந்தக் காடு, அதுல யாரு இருந்தாங்க, ஒரு பேச்சும் இல்ல. இந்த வரியை எடுத்துட்டா அந்த வீடே நிக்காது."

பிறகு காட்டு அத்தியாயம். மனிதக் கால் படாத காடு என்று கேப்டன் பூரித்துப் போகிறார். அதே பக்கத்தில், தாகம் எடுத்ததும், ஒரு ஒற்றையடிப் பாதை வழியே போய் ஊற்றைக் கண்டுபிடிக்கிறார். ஷாஹிதா பென்சிலால் இரண்டு வரிகளையும் ஒரு கோட்டால் இணைத்திருந்தாள்.

"கால் படாத காட்டுல பாதை எப்படிங்க வந்துச்சு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார் மனுஷன். நானும் படித்த புத்தகம்தான், என் கண்ணில் படவில்லை, இவள் கண்ணில் பட்டது. இவளைக் கட்டிக்கொண்டது என் பாக்கியம் என்று அந்த நிமிஷம் நினைத்தேன். சொல்லவில்லை. சொன்னால் இன்னும் நாலு கேள்வி கேட்பாள்.

சண்டை வந்தது கதையில் வரும் ஒரு பெண்ணால். ஊற்றருகே ஒரு தீவுப் பெண் வருகிறாள். கேப்டன் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைக் கொடுக்கிறார். அவள் கடலைக் காட்டி, அழுதபடி, வெகுநேரம் பேசுகிறாள். 'அவள் எனக்கு நன்றி சொன்னாள்' என்று கேப்டன் எழுதுகிறார்.

"அவங்க பாஷையில ஒரு சொல்லும் தெரியாதுன்னு முன்னாடியே எழுதிட்டாரு. அப்புறம் நன்றின்னு எப்படித் தெரிஞ்சுது?"

"சரி, அவ நிஜமா என்ன சொன்னான்னு நீ எழுது. படகுல எல்லாருக்கும் கண்ணு கலங்கிடும்."

"எழுத மாட்டேன்."

"ஏன்?"

"தெரியாதே. கேப்டன் தன் இஷ்டத்துக்கு அவ வாயில ஒண்ணைப் போட்டாரு. நான் என் இஷ்டத்துக்குப் போடணுமா? அந்த இடத்தைக் காலியா விடுங்க. அவ என்னமோ பேசினா, அது நமக்கு எட்டலை. அவ்வளவுதான்."

என் பிழைப்பே தொங்குகிறது, இவள் காலியாக விடச் சொல்கிறாள். கத்தினேன். அவள் பதிலுக்குக் கத்தவில்லை. நான் எப்போதும் படகில் சொல்லும் முகவுரையைத் தன் போனில் பதிந்து வைத்திருந்தாள்; அதைப் போட்டாள். என் தகப்பனாரைப் பற்றி என் குரல்: 'எங்க அத்தா ராமநாதபுரத்திலருந்து கப்பல்ல வந்து இறங்கினப்ப இங்க யாருமே இல்லைங்க. வெறும் காடு. ஒத்தையடிப் பாதையில போயி ஊத்துத் தண்ணி குடிச்சு, மரத்தை வெட்டி, இந்த ஊரை உண்டாக்கினாங்க.'

"இதையும் அதே மாதிரி ஒரு தடவை கேட்டுப் பாருங்க."

"அத்தாவைத் தொடாதே," என்றேன். எழுந்து ஜெட்டிக்குப் போய்விட்டேன்.

ஞாயிறு காலை பன்னீர்செல்வத்தோடு ஏழெட்டு ஏஜெண்டுகள் ஏறினார்கள். ஷாஹிதா பின்னால் உட்கார்ந்தாள். அவள் எழுதிக்கொடுத்ததை மைக்கில் சொல்லிக்கொண்டே போனேன். துடுப்புக் கைதிகள், ஏழு பெட்டிகள், மர வியாபாரம். தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து உட்கார்ந்தார். கால் படாத காட்டின் பாதையைச் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி இந்தப் படகையே ஒரு வகுப்பாக்கிவிட்டாள் என்று நெஞ்சு நிமிர்ந்தது.

ஊற்றருகே ஓடையில் படகை நிறுத்தினேன். பெண் பேசிய கதையைச் சொன்னேன். மூன்றாவது வரிசையில் இருந்த அம்மா கேட்டார். "அப்ப அந்தப் பொண்ணு என்னதான் சொல்லுச்சு?"

பன்னீர்செல்வம் என் காதருகே குனிந்தார். "பாய், ஏதாவது அடிச்சு விடுங்க."

நாக்கின் நுனியில் நாலைந்து வசனம் தயாராகத்தான் இருந்தது. நான் ஷாஹிதாவைப் பார்த்தேன். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாதும்மா," என்றேன். "அவங்க பேசினது நம்ம கிட்ட வந்து சேரலை."

சப்பென்று ஆகிவிட்டது. பன்னீர்செல்வம் தலையில் கை வைத்துக்கொண்டார். படகு போச்சு என்றே நினைத்தேன். நிலைமையைச் சமாளிக்க, நன்றாக எடுபடும் என் பழைய முகவுரையைப் பிடித்துக்கொண்டேன். "எங்க அத்தா வந்து இறங்கினப்ப இங்க யாருமே இல்லைங்க. வெறும் காடு. ஒத்தையடிப் பாதையில போயி..."

வாய் நின்றுவிட்டது.

இருபது வருஷமாகச் சொல்கிற வாக்கியம். அத்தா சாகும்வரை சொன்ன வாக்கியம். அத்தா பொய் சொல்கிறவர் அல்ல, அவரை நான் உயிராக நேசித்தேன். ஆனால் பாதை இருந்தது. அவரே சொன்னார்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் மைக்கை வாயருகே கொண்டுபோனேன்.

"எங்க அத்தாவுக்கும் ஒரு பாதை கிடைச்சிருக்குங்க," என்றேன். "யாரு நடந்து நடந்து போட்ட பாதைன்னு அவர் கேக்கலை. நானும் இதுவரைக்கும் கேக்கலை."

யாரும் சிரிக்கவில்லை. கேள்வி கேட்ட அந்த அம்மா, தங்கள் ஊரிலும் தாத்தா தரிசைத் திருத்திய கதை ஒன்று இருக்கிறது என்று பக்கத்திலிருந்தவரிடம் மெல்லச் சொல்லத் தொடங்கினார். பாதியில் நிறுத்திவிட்டார்.

திரும்பும்போது ஷாஹிதா என் பக்கத்தில் வந்து நின்றாள். ஏஜெண்டுகள் என்ன முடிவெடுப்பார்களோ என்று பயந்துகொண்டேதான் படகை ஓட்டினேன். ஜெட்டியில் இறங்கும்போது அந்த அம்மா, அடுத்த மாதம் தன் சுற்றுலா ஆட்களை அழைத்து வருவதாகச் சொன்னார்.

"அந்தப் பொண்ணு பேசின இடத்துல எதையும் சேத்துடாதீங்க," என்றார்.