நூற்று நாற்பது வீடுகள்

வீடுகளுக்கு இணைப்பு கொடுக்கும் சுருளிவேல் சாக்கைக் கவிழ்த்தான். வெள்ளை நெட் பெட்டிகள் சடசடவென்று மேசைமேல் விழுந்து, ஷைனியின் டீ டம்ளரைத் தள்ளிவிட்டன.

"இது இன்னைக்கு எடுத்தது மேடம். நேத்து எடுத்த மூட்டை மாடிப்படிக்குக் கீழ கெடக்கு. எல்லாம் சேத்து நூத்திப் பதினேழு."

"திரும்ப நெட் கேட்டவங்க?"

"இருபத்து மூணு வீடு."

ஷைனி டீயைத் துடைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த இன்டர்நெட் கம்பெனியில் கணக்கெல்லாம் ஷைனிதான். எத்தனை வீடு புதிதாகச் சேர்ந்தது, எத்தனை வீடு விலகியது, அடுத்த மூன்று மாதத்தில் எத்தனை நிற்கும் என்று சொல்வது அவள் வேலை. அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டிலிருந்து பெட்டி திரும்பி வந்தால்தான் அந்த இணைப்பு போனதாக எழுதுவார்கள். அதுவரை அது கணக்கில் இருக்கும்.

மார்ச் மாதம் பிள்ளைகளுக்குப் பரீட்சை. "நெட்டு இருந்தா படிக்க மாட்டேங்குறான், நிப்பாட்டுங்க" என்று நூற்று நாற்பது வீடுகளிலிருந்து போன் வந்தது. வருஷா வருஷம் வருவதுதான். பரீட்சை முடிந்ததும் அநேகமாக எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள். பரீட்சை முடியும்வரை பெட்டியை எடுக்க வேண்டாம் என்று சுருளிவேலிடம் சொன்னது ஷைனிதான்.

"என்ன மேடம் பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க? நீங்கதான எடுக்க வேணாம்னீங்க?"

"நான்தான் சொன்னேன். ஏன் திரும்ப வரலையாம்?"

"செல்போன்லயே தேவைக்கு ஓடுதாம். ஒரு அம்மா சொல்லுது, நெட்டை நிறுத்துனதுல இருந்து வீட்டுக்காரர் நேரத்தோட தூங்குறாராம். இனி வேணவே வேணாங்குது."

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

சேவுகம்பட்டியில் கிளை திறக்கலாமா என்று முதலாளி பிராங்கிளின் ஒரு கோடு போட்டிருந்தார். ஜூன் கடைசியில் இணைப்புகள் நாலாயிரத்து இருநூறைத் தாண்டும் என்றால் கிளை, இல்லையென்றால் இல்லை. கிளை வந்தால் அதன் பொறுப்பு மணிமேகலைக்கு. ஷைனியோடு கல்லூரியில் ஒரே பெஞ்சில் இருந்தவள். சேவுகம்பட்டியிலிருந்து தினமும் வத்தலக்குண்டில் பஸ் மாறி, திண்டுக்கல்லில் ஒரு தனியார் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் பாடம் எடுக்க வருகிறாள். காலையில் கிளம்பும்போது நாலு வயது மகள் தூக்கத்தில் இருப்பாள்.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி ஷைனி கணக்குப் போட்டாள். கையில் நாலாயிரம் இணைப்பு. மாதம் நூற்றைம்பது புதிதாக வரும். இருப்பதில் நூற்றுக்கு இரண்டு போகும். ஏப்ரல் கடைசியில் நாலாயிரத்து எழுபது. அதிலிருந்து மறுபடி இரண்டு சதவீதம் கழித்து, நூற்றைம்பதைக் கூட்டினால் மே. அப்படியே இன்னொரு முறை செய்தால் ஜூன்: நாலாயிரத்து இருநூற்று ஆறு.

கோட்டைத் தாண்டி ஆறே ஆறு.

ஆனால் அதற்கு முன்னால் இன்னொரு கணக்கும் போட்டிருந்தாள். அந்த நூற்று நாற்பதைக் கழித்துவிட்டு, மூவாயிரத்து எண்ணூற்று அறுபதில் தொடங்கிய கணக்கு. அது நாலாயிரத்து எழுபத்து நாலில் நின்றது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்படியும் வந்துவிடுவார்கள் என்று சொல்லிக்கொண்டு அந்தத் தாளைக் கிழித்தாள். அன்று சாயங்காலமே மணிமேகலைக்குப் போன் செய்து, "நாலாயிரத்து இருநூத்தி ஆறுடி" என்றாள்.

ஏப்ரல் பதினைந்தாம் தேதி மணிமேகலை ராஜினாமா கடிதம் கொடுத்தாள். அடுத்த வருஷத்துக்கு இருப்பதா இல்லையா என்று சொல்ல அந்தப் பள்ளி வைத்த கடைசி நாள் அது. ஐந்து நாள் ஆகிவிட்டது.

ஷைனி எழுந்து பிராங்கிளின் அறைக்குப் போனாள். அவர் சேவுகம்பட்டிக் கடையின் வாடகைப் பத்திரத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

"சார், அதுல கையெழுத்துப் போடாதீங்க. என் கணக்கு தப்பு."

முழுவதையும் சொன்னாள், கிழித்த தாள் உட்பட. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"சரிம்மா, இப்ப என்ன நம்பர்?"

"போன மாசம் ஆரம்பத்துல மூவாயிரத்து தொள்ளாயிரத்து முப்பது இருந்துச்சு. எழுதுனது எம்பது விலகல். எழுதாதது நூத்திப் பதினேழு. சேத்துப் பாத்தா நூத்துக்கு அஞ்சு போயிருக்கு சார், ரெண்டு இல்ல. அதே வேகத்துல போனா ஜூன் கடைசியில மூவாயிரத்து எழுநூத்தி அம்பத்தேழு."

"பரீட்சை மாசம்தான? எல்லா மாசமும் அம்புட்டுப் பேரா போவாங்க?"

அவள் தப்பிக்க அவரே ஒரு வாசலைத் திறந்து வைத்தார். நுழைந்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

"போக மாட்டாங்க சார். பழையபடி ரெண்டு சதவீதம்னே வச்சாலும், மார்ச் கடைசியில நெசமா இருந்தது மூவாயிரத்து எண்ணூத்தி எம்பத்து மூணுதான். அதுல ஆரம்பிச்சா ஜூனுக்கு நாலாயிரத்து தொண்ணூத்தஞ்சு. எப்படிப் போட்டாலும் தாண்டல."

அவர் பத்திரத்தை மடித்தார். "இந்த வருஷம் வேணாம். நீயே வந்து சொன்னதால திட்ட மாட்டேன். அந்தப் புள்ளைட்ட யாரு சொல்றது?"

"நான் சொல்றேன் சார்."

நாலு மணிக்குப் பள்ளி வாசலில் நின்றாள். மணிமேகலை தூரத்திலேயே சிரித்தபடி வந்தாள்.

"ஏண்டி, முகத்தை இப்படி வச்சிருக்க? பிரியாணி வாங்கித் தர வந்தியா?"

ஷைனி கணக்குத் தாளை நீட்டினாள். பேசுவதைவிட அது சுலபமாக இருந்தது. கம்ப்யூட்டர் டீச்சருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்திப் படித்தாள். முதல் வரிக்கே திரும்பிப் போனாள்.

"இந்த நூத்தி நாப்பது வீடு நிறுத்தச் சொன்னது உனக்கு அப்பவே தெரியும்ல?"

"தெரியும். வந்துருவாங்கன்னு நெனச்சேன்."

"வரலன்னா என்ன ஆகும்னு கணக்குப் போட்டியா?"

"போட்டேன். தாண்டல."

"அதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

ஷைனி குனிந்து தாளைப் பார்த்தாள்.

"வேற யாருக்காவதுன்னா இந்த வீடுகளக் கழிச்சிருப்பியா?"

"கழிச்சிருப்பேன்."

மணிமேகலை தாளை நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "இங்கயே நில்லு" என்று சொல்லிவிட்டுத் தாளாளர் அறைக்குப் போனாள். பத்து நிமிஷம். வாட்ச்மேன் ஷைனியை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"ஆளு எடுத்தாச்சாம்," என்றாள் மணிமேகலை திரும்பி வந்து. "ஆறாங்கிளாசுக்கு அரை நாள் வேல இருக்காம். பாதிச் சம்பளம். சரின்னு சொல்லிட்டேன்."

"மணி, நான் உனக்காகத்தான்..."

"அதை மட்டும் சொல்லாத."

பேருந்து நிலையம் வரை சேர்ந்தே நடந்தார்கள். வத்தலக்குண்டு பஸ் கிளம்பத் தயாராக இருந்தது. மணிமேகலை ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கை காலி. வத்தலக்குண்டு வரைக்குமாவது கூடவே போகலாம் என்று ஷைனி படியில் கால் வைத்தாள்.

மணிமேகலை தன் கைப்பையை எடுத்து அந்தக் காலி இருக்கையில் வைத்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஷைனி காலைக் கீழே எடுத்தாள்.