காலிக் கட்டம்

ஒருத்தரை வேலைக்கு வேண்டாம்னு சொல்றதுக்கு பயப்படற ஆள் இல்லை நான். பதினாலு வருஷமா ஆஸ்பத்திரி ரத்த வங்கியில மேற்பார்வை பார்க்கிறேன். மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு என் வேலையைப் பார்க்கப் போயிடுவேன். வாய்க்கொழுப்புனு என் வீட்டுக்காரரே சொல்வார். ஆனா அந்த வாரம் முழுக்க எப்படிச் சொல்றதுன்னு தெரியாம முழிச்சேன். ஏன்னா, நான் வேண்டாம்னு சொல்ல வேண்டிய ஆள் நிதானம் அண்ணனோட சிநேகிதர்.

நிதானம் அண்ணன் எங்க சீனியர் டெக்னீஷியன். தலையில இடி விழுந்தாலும், பாக்கெட்ல இருந்து பேனாவை எடுத்து எத்தனை மணிக்கு விழுந்ததுனு எழுதிட்டுத்தான் அசைவார். அதான் அந்தப் பேரு. குழந்தை கையில நரம்பு கிடைக்கலைன்னா வார்டுல இருந்து அவரைத்தான் கூப்பிடுவாங்க. ரத்தப் பொருத்தம் குழப்பமா வந்தா நானே அவர் பக்கத்துல போய் நின்னுக்குவேன். ஏற்கெனவே ரெண்டு டெக்னீஷியன் வேலையை விட்டுட்டுப் போயிட்டாங்க. லைசன்ஸ் புதுப்பிக்கிற ஆய்வுக்குப் பத்து நாள்தான் இருந்தது. பயிற்சி பெற்ற ஆள் இன்னும் ஒருத்தர் குறைஞ்சா எங்க வங்கியை மூடச் சொல்லிடுவாங்க. பெரிய ஆஸ்பத்திரி ஒண்ணு அவரை வலை போட்டு இழுத்துட்டிருந்ததும் எனக்குத் தெரியும். அவர் மனசு கோணிட்டா என் கதை முடிஞ்சுது.

அந்த அண்ணன் என்கிட்ட இதுவரைக்கும் எதுவுமே கேட்டதில்லை. "நான் இங்க வர்றதுக்கு முன்னாடி இருந்த ஆஸ்பத்திரியில என்கூட ஒம்பது வருஷம் இருந்தவம்மா. அதை மூடினதுல இருந்து எட்டு மாசமா வீட்டுல உட்கார்ந்திருக்கான். தங்கமான கை. நீயே பாரு, பிடிச்சா எடு"னு மட்டும்தான் சொன்னார். அப்படிச் சொன்னதுதான் எனக்குப் பெரிய சுமையாப் போச்சு. மிரட்டியிருந்தார்னா எனக்கு வேலை சுலபம்.

திங்கக்கிழமை மூணு பேருக்குச் செய்முறைத் தேர்வு வெச்சோம். சிநேகிதருக்கு உண்மையிலேயே தங்கமான கைதான். பொருத்தம் பார்த்தது சுத்தம், லேபிள் ஒட்டினது சுத்தம். எங்க வங்கிக்குப் பொறுப்பான டாக்டரம்மா என்னைப் பார்த்து கண்ணாலயே 'பரவாயில்லையே'ன்னாங்க. எனக்கும் அப்பாடான்னு இருந்தது.

அதுக்கப்புறம் என்னோட சோதனை. ரத்தம் வைக்கிற ஃப்ரிட்ஜோட வெப்பநிலைத் தாள் ஒண்ணைக் கொடுப்பேன். நாலு மணி நேரத்துக்கு ஒரு கட்டம். டிகிரி ரெண்டுக்குக் கீழயும் போகக் கூடாது, ஆறுக்கு மேலயும் போகக் கூடாது. 'தாள்ல டீ கொட்டிடுச்சு, புதுத்தாள்ல அப்படியே எழுதிக் கொடுங்க'ன்னு சொல்வேன். நடுவுல ஒரு கட்டம் காலியா இருக்கும். சிலர் காலியாவே விட்டு, 'எடுக்கப்படவில்லை'னு ஓரத்துல எழுதுவாங்க. சிலர் எழுந்து வந்து கேட்பாங்க. ரெண்டுமே சரி.

சிநேகிதர் அந்தக் கட்டத்துல 4.2னு எழுதியிருந்தார். முன்னாடி 4.1, பின்னாடி 4.3. அழகான கையெழுத்து.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. அடப்பாவி மனுஷா, உன்னை யாரு அதை நிரப்பச் சொன்னதுன்னு கத்தணும் போல இருந்தது. அளக்காத ஒண்ணை அளந்ததா எழுதற கையை ரத்தப் பை பக்கத்துல விடவே முடியாது. கெட்டுப்போன ரத்தம் வெளியில இருந்து பார்த்தா பல சமயம் தெரியாது. உடம்புக்குள்ள போனப்புறம்தான் தெரியும். அதுவும் அப்போ எங்க பழைய ஃப்ரிட்ஜோட தானியங்கிப் பதிவுப் பெட்டி அலாரத்தோட சேர்ந்து பழுதாகி மூணு வாரமா ரிப்பேர்ல கிடந்தது. நாலு மணிக்கொரு தடவை ஆள் பார்த்து எழுதணும்ங்கிற நிபந்தனையிலதான் டாக்டரம்மா அந்த ஃப்ரிட்ஜை ஓட்டவே விட்டிருந்தாங்க. அந்தத் தாளை விட்டா எங்களுக்கு வேற சாட்சி கிடையாது.

புதன்கிழமை டாக்டரம்மா, எச்.ஆர். பொண்ணு, நான் மூணு பேரும் உட்கார்ந்து முடிவு பண்ணினோம். ரெண்டாவதா வந்த பொண்ணை எடுக்கறதுன்னு ஆச்சு. எச்.ஆர். பொண்ணு, "நிதானம் சார்கிட்ட, இடமே இல்லாமப் போச்சுன்னு சொல்லிடலாமா மேடம்?"னு கேட்டுச்சு. "நாளைக்குப் புதுப் பொண்ணு வந்து நிக்கும்போது அவர் கண்ணு என்ன பொடரியிலயா இருக்கும்? பொய்யெல்லாம் வேண்டாம், நான் பேசிக்கறேன்"னு சொன்னேன்.

முதல்ல சிநேகிதருக்குத்தான் போன் போட்டேன். அவர் விஷயம் அவருக்குத்தான் முதல்ல தெரியணும், அண்ணன் மூலமாத் தெரியக்கூடாது. நேரம் ஒதுக்கி வந்ததுக்கு நன்றி சொல்லி, வேற ஒருத்தரை எடுத்திருக்கோம்னு சொன்னேன். ஏன்னு கேட்டார். "உங்க கைவேலையில ஒரு குறையும் இல்லை சார். பதிவுத் தாள்ல காலியா இருந்த கட்டத்தை நிரப்பிட்டீங்க. எங்களுக்கு அது காலியாவே இருக்கணும்"னேன். "ஓ... அதுவா"ன்னார். அவ்வளவுதான்.

அப்புறம் அண்ணன். என்ன பேசணும்னு துண்டுச்சீட்டுல எழுதி வெச்சு ரெண்டு தடவை படிச்சுப் பார்த்துட்டுத்தான் கூப்பிட்டேன். பரீட்சைக்குப் போற பிள்ளை கூட அவ்வளவு பயந்திருக்காது.

"அண்ணே, கதவைச் சாத்திட்டு உட்காருங்க. உங்க சிநேகிதரை இந்தத் தடவை எடுக்க முடியலை. அவர்கிட்ட இப்பத்தான் பேசினேன். அடுத்தவங்க வாய் வழியா உங்க காதுக்கு வரக்கூடாதுன்னு நானே சொல்றேன்."

அவர் பேனாவை உருட்டிட்டிருந்தார்.

"நீங்க சொன்னதாலதான் அவரை ஒண்ணுக்கு ரெண்டு தடவை பார்த்தேன். காரணம் அவர்கிட்ட சொல்லியிருக்கேன். உங்ககிட்ட நான் சொன்னா நல்லா இருக்காது, அது அவரோட விஷயம். இதுல உங்க மரியாதைக்கு ஒரு குறையும் இல்லண்ணே. நாளைக்கு இன்னொருத்தரைக் கூட்டிட்டு வந்தாலும் இதே மாதிரிதான் பார்ப்பேன்."

"சரிம்மா"ன்னார். எழுந்து போயிட்டார்.

அந்த 'சரிம்மா' என்னைக் கொன்னு எடுத்துது. வியாழக்கிழமை பூரா அவர் என் அறைப் பக்கமே வரலை. வராண்டாவுல போன்ல மெதுவா பேசிட்டிருந்தார். அந்தப் பெரிய ஆஸ்பத்திரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன். வீட்டுல சின்னவ எதுக்கோ கூப்பிட்டதுக்கு வள்ளுனு விழுந்தேன். கேட்டவருக்கு ஒரு இடம் கொடுத்துட்டுப் போயிருக்கலாமோ, ஒரு கட்டம்தானே, ஒரே ஒரு கட்டம்தானேன்னு மனசு அலைஞ்சுது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அவரே வந்தார். கையில காகிதம். ராஜினாமாதான்னு நினைச்சு எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. பக்கத்துல வந்தப்புறம்தான் தெரிஞ்சுது, அந்த வாரத்து வெப்பநிலைத் தாள். வெள்ளிதோறும் நான் கையெழுத்துப் போடறதுதான்.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?"ன்னு சிரிச்சார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கோவிச்சுக்கிட்டேன்னு நினைச்சியா? முதல்ல கொஞ்சம் வருத்தம்தான். பொய் சொல்றேன்னு நினைக்காதே. அப்புறம் அவன்கிட்ட பேசினேன். நேத்தெல்லாம் அவன்கூடத்தான் போன்ல. 'உங்க மேடம் மறைக்காம சொன்னாங்க, மத்த இடத்துல பதிலே வர்றதில்லை'ன்னு சொன்னான். எனக்குப் பெருமையா இருந்துச்சு."

எனக்கு உசுரு திரும்பி வந்த மாதிரி இருந்தது. கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. "நீங்க போயிடுவீங்களோன்னு ரெண்டு நாளா செத்துப் பிழைச்சேண்ணே."

"எங்க போறது? உன்னை விட்டுட்டா?" அவர் குரலைத் தாழ்த்தினார். கூடப் பிறந்தவகிட்ட பேசற மாதிரி. "ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதே. அந்தக் கட்டத்துக்காகவா அவனைத் தள்ளினே? பாவம், அதை அவனுக்குப் பழக்கினதே நான்தான். ஆய்வுக்கு வர்றவன் காலியா ஒண்ணைப் பார்த்தா நாள் பூரா அதையே நோண்டுவான். முன்னாடி என்ன, பின்னாடி என்னன்னு பார்த்து நடுவுல போட்டுட்டா யாருக்கும் தொல்லை இல்லை. ஃப்ரிட்ஜு எங்க ஓடிடப் போவுது?"

நான் சிரிச்ச வாயை மூடலை. மூட மறந்துட்டேன்.

"அண்ணே... இங்கயுமா?"

"எப்பவாவதும்மா. ரத்தம் கொடுக்கறவங்க கூட்டமா வர்ற நாள்ல ரெண்டு மணி ரீடிங் விட்டுப்போயிடும்ல? நீ தனியா மல்லாடிட்டிருக்கே. உனக்கு இன்னொரு தலைவலி வேண்டாம்னுதான்."

எனக்காகவாம். நான் அந்தத் தாளைப் பார்த்தேன். 3.9, 4.0, 4.1, 4.2. ஏழு நாள்ல ஒரு கட்டம் காலியா இல்லை. அவர் இங்க வந்ததுல இருந்து ஏழு வருஷமா வெள்ளிதோறும் கையெழுத்துப் போட்டு, எங்க வங்கி மாதிரி எங்கயும் இருக்காதுன்னு பீத்திக்கிட்டு இருந்திருக்கேன். மத்த வருஷமாவது பதிவுப் பெட்டி கூடவே ஓடிட்டிருந்தது. இந்த மூணு வாரம் எதுவுமே இல்லை. அந்தப் பழைய ஃப்ரிட்ஜுக்கு மத்தியானத்துலதான் கரண்ட் மேலயும் கீழயும் போகும். அதுல அப்போ நாப்பத்தாறு பை இருந்தது. மூணு வாரத்துல வெளியே போனது எத்தனைன்னு நினைக்கவே பயமா இருந்தது.

பேசாம கையெழுத்துப் போட்டுடு, அடுத்த வாரம் ஆய்வு, இவர் உன் அண்ணன் மாதிரின்னு ஒரு குரல் உள்ளேர்ந்து சொல்லிச்சு. சொல்லலைன்னு பொய் சொல்ல மாட்டேன்.

மூணு வாரத்துத் தாளையும் எடுத்து அவர் முன்னாடி வெச்சேன். "நீங்க பார்க்காம எழுதினது எதெதுன்னு சுழிச்சுக் காட்டுங்கண்ணே."

அவர் வழக்கம் போல நிதானமா பேனாவைத் திறந்தார். ஒண்ணு சுழிச்சார். ரெண்டு. அடுத்த தாள்ல மூணு. மூணாவது தாள்ல பேனா ஒரு கட்டத்து மேல நின்னுது, நகர்ந்துது, திரும்பி வந்துது.

"இதெல்லாம்... ஞாபகம் இல்லையேம்மா"ன்னார்.

அப்பத்தான் அவருக்கும் புரிஞ்சிருக்கணும். மூஞ்சி வெளுத்துப் போச்சு. நான் எழுந்து போய் பழைய ஃப்ரிட்ஜுக்குப் பூட்டுப் போட்டு, 'வழங்கக் கூடாது'னு அட்டையை மாட்டினேன். திரும்பி வந்து, அவர் எதிர்லயே டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன். துண்டுச்சீட்டு எதுவும் எழுதி வெச்சுக்கலை. மூணு வாரத் தாளை நம்ப முடியாது, ஃப்ரிட்ஜை நிறுத்திட்டேன், அதுல இருந்து ரத்தம் வாங்கினவங்க எல்லாரையும் தேடிப் பார்க்கணும்னு சொன்னேன்.

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகர்ற சத்தம் கேட்டுது.

"உனக்கு யாரு சொன்னது?"னு கேட்டாங்க.

அவர் என்னையேதான் பார்த்துட்டிருந்தார்.

"நிதானம் அண்ணன்தான் டாக்டர்"னு சொன்னேன். "என்னை நம்பிச் சொன்னார்."