தங்கம் டீச்சரின் பத்து நன்றிகள்

மதுரை பழங்காநத்தத்தில் பள்ளிகளுக்குக் கால அட்டவணை மென்பொருள் செய்துகொடுத்த சின்னக் கம்பெனி ஒன்றில், வாடிக்கையாளர் மெயில்களைக் கவனிப்பது ஸ்ரீலட்சுமியின் வேலை. 2004 ஜூனில் ஒரு திங்கட்கிழமை காலை, அந்த மென்பொருளை வாங்கிய ஒரு பள்ளியின் தங்கம் டீச்சர் பெயரில் பதினோரு புகார்கள் வந்திருந்தன. பதறிப்போய்த் திறந்தாள். முதல் மெயிலில் அட்டவணை சரியாக அச்சாகவில்லை என்றிருந்தது. மற்ற பத்திலும் "மிக்க நன்றி" மட்டுமே இருந்தது.

புது மெயில் வந்தவுடன் "உங்கள் கடிதம் கிடைத்தது" என்று தானாகப் பதில் போகும்படி கம்பெனியில் புரோகிராம் எழுதும் ரவிசங்கர் போன வாரம்தான் அமைத்திருந்தான். டீச்சர் அதற்கு நன்றி எழுத, அதுவும் புதுப் புகாராகப் பதிவாகி இன்னொரு பதில் போயிருக்கிறது.

ஸ்ரீலட்சுமி டீச்சருக்குப் போன் செய்தாள்.

"ஞாயித்துக்கிழமைகூட ஒரே நிமிஷத்துல பதில் போடுறீங்களேம்மா. சும்மா விட்டா நல்லாருக்காதுன்னு நானும் எழுதுனேன்," என்றார் டீச்சர்.

"அதை மிஷினே அனுப்புது டீச்சர். நான் இப்பத்தான் ஆபீசுக்கே வாரேன்."

டீச்சருக்குச் சிரிப்பு அடங்க நேரமானது. பிறகு ஸ்ரீலட்சுமி சொன்னபடி பேப்பர் அளவை மாற்றியதும் அட்டவணை அச்சாகிவிட்டது.

அன்றே ரவிசங்கர் பதிலைத் திருத்தினான். இது தானாக வரும் பதில், உங்கள் புகார் எண் இது, அடுத்த வேலை நாளுக்குள் எங்கள் ஆள் எழுதுவார், அவசரமென்றால் போன் செய்யுங்கள் என்று அதில் சேர்த்தான். தலைப்பில் புகார் எண்ணோடு வரும் மெயில் பழைய புகாரிலேயே சேரும். அதற்கும், 'விடுப்பில் இருக்கிறேன்' என்பதுபோலத் தானாக வரும் மெயில்களுக்கும் இனி மிஷின் பதில் போடாது.

மறுநாள் டீச்சர் புகார் எண்ணோடு மறுபடி நன்றி எழுதினார். தானாக எதுவும் போகவில்லை. ஸ்ரீலட்சுமி தன் கையாலேயே இரண்டு வரி எழுதி அனுப்பினாள்.