மலைக்கு எந்தப் பக்கம் மழை

அப்போது எழுபத்தைந்தாம் வருஷம். ஆழ்வார்பேட்டையில் ஒரு மின் திட்ட ஆலோசனை அலுவலகத்தின் மாடியில் எனக்கு வரைபடம் போடும் வேலை. இசக்கியம்மாள் என்றால் வாயாடி என்று பெயர், இருந்துவிட்டுப் போகட்டும். எதிர் மேசையில் இன்ஜினீயர் வேதநாயகம், சாந்தோம்காரர். அவர் வீட்டில் மாதா படம், தி.நகரில் எங்கள் வீட்டில் சுடலைமாடன். கல்யாணம் என்று வாயைத் திறந்தால் இரண்டு வீட்டிலும் ரகளைதான்.

அதனால்தான் எங்களுக்கு அந்த மலை ஓடை வேண்டியிருந்தது. அங்கே சின்னதாக ஒரு நீர்மின் நிலையம் வந்தால் வேதநாயகம்தான் பொறுப்பு, குவார்ட்டர்ஸ் உண்டு. சொந்தக்காரன் ஒருத்தனும் எட்டிப் பார்க்காத வீடு! ஜன்னல் திரை என்ன நிறம் என்பதுவரை சண்டை போட்டு முடித்திருந்தோம்.

போட்டிக்கு, கடலோரப் பொட்டலில் ஒரு சூரிய வெப்பச் சோதனை நிலையம். அங்கே வெயில் நேரத்தை அளக்க வைத்திருந்த ஒரு கண்ணாடி உருண்டை வெயிலைக் குவித்து அட்டையில் சுட்ட கோடுகளைக் கூட்டினால், சராசரியாக நாளைக்கு எட்டு மணி நேரம் வெயில். அதற்குக் காவலுக்கு ஓர் ஆள் போதும், குவார்ட்டர்ஸ் கிடையாது. இரண்டில் ஒன்றைத்தான் கமிட்டி எடுக்கும்.

கமிட்டிக்கு முந்தின நாள், ஓடையின் படத்துக்கு மை போட்டுக்கொண்டிருந்தேன். உயரக் கோடுகள் நெருங்கி நின்றன; தண்ணீர் விழ அருமையான சரிவு. மழைக் கணக்கை ஏற்றும்போதுதான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"மழையை அளந்தது எங்கே?" என்று கேட்டேன்.

"எஸ்டேட் பங்களாவுல. இன்னா இப்போ?"

"பங்களா மலைக்கு மேற்கே. நம்ம ஓடை கிழக்கே. தென்மேற்கு மழையை மலை அந்தப் பக்கமே வாங்கிக்கும். நமக்கு வெறுங்காத்துதான்."

"நானே இறங்கி அளந்தேனே! இடுப்பளவு தண்ணி போச்சு."

"எப்போ?"

"ஐப்பசியில..." அவர் குரல் இறங்கிவிட்டது. அது வடகிழக்கு மழைக் காலம். கோடையில் யாரும் அளக்கவே இல்லை. சரிவு எவ்வளவு இருந்து என்ன, தண்ணீர் வேண்டாமா?

"நீ சும்மா இருந்திருக்கலாம்ல?" என்றார்.

"இருந்திருக்கலாம். காஞ்ச ஓடைக்குப் பக்கத்துல உங்களோட குடித்தனம் பண்ண எனக்கு மனசு வராது." சொல்லிவிட்டு அழுதேன். அந்த வீடு போனதே என்றுதான் அழுதேன், வேறு எதற்கு?

மறுநாள் அவரே கமிட்டியில் தன் கணக்கு தப்பு என்று சொல்லி, திட்டத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். வாங்கிக்கட்டிக்கொண்டு வெளியே வந்தவர் நேராக என் மேசைக்கு வந்தார்.

"மலையும் வேணாம், மண்ணும் வேணாம். நங்கநல்லூர்ல ஒரு போர்ஷன் கீது. சாயங்காலம் உங்கப்பாகிட்ட நானே பேசறேன்."

"அடிப்பார்."

"அடிக்கட்டும். உள்ளதைச் சொல்லி இப்பதான் வாங்கிக்கினு வரேன்."

அப்பா நிஜமாகவே அடித்தார். வேதநாயகம் கன்னத்தைத் தடவிக்கொண்டு, வந்த விஷயத்தை முதலிலிருந்து மறுபடி சொல்ல ஆரம்பித்தார். அந்த நிமிஷம் அவர்மேல் எனக்கு வந்த பிரியம் இன்றுவரை ஒரு துளி குறையவில்லை.