பத்துக் கணினிகளுக்கான குறிப்பு

உதயகலாவின் குறிப்பு ஒன்றரைப் பக்கம்தான். கரவெட்டியில் உள்ள கூட்டுறவுச் சங்கத்தின் கணினிப் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. அலுவலகத்தின் பத்துக் கணினிகளும் பதினொரு வருடப் பழசு. அவற்றில் ஓடும் விண்டோஸ் 10க்கு ஒக்டோபரோடு பாதுகாப்பு இற்றைப்படுத்தல் நின்றுவிட்டது. புதிய விண்டோஸை அந்தப் புரொசசர்கள் ஏற்காது. ராம் கூட்டியும் பயனில்லை. அங்கத்தவர்களின் சேமிப்புக் கணக்கு முழுவதும் அவற்றில்தான் இருக்கிறது. மொனிட்டர்களை வைத்துக்கொண்டு பெட்டிகளை மட்டும் மாற்றினால் ஒன்று ஒரு இலட்சத்து எண்பத்தையாயிரம். பத்துக்கும் பதினெட்டரை இலட்சம். மூன்று வருட உத்தரவாதம், ஐந்து வருடமாவது உழைக்கும். மூன்று கடைகளின் விலைக் கொட்டேசன்களையும் பின்னால் இணைத்து, இரண்டாவது கடையைச் சிபாரிசு செய்திருந்தாள்.

பொது முகாமையாளர் தியாகலிங்கம் அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"முதலாவது கடைக்காரன் ஒரு இலட்சத்து முப்பத்தெட்டாயிரத்துக்குத் தாறன் எண்டிறான். நீர் ஏன் இரண்டாவது கடையைச் சொல்லுறீர்?"

"அவை புதுசோ எண்டு எனக்குச் சந்தேகம், சேர். உத்தரவாதமும் கடையின்ரை ஆறு மாதம் மட்டும்தான். கொம்பனி உத்தரவாதம் பற்றி ஒண்டும் எழுதேல்லை."

"சரி. இரண்டாவது கடையிலை நிக்கிற கஜீபன் உமக்கு என்ன முறை?"

உதயகலாவுக்கு முகம் சுட்டது. "என்ரை மனுசன்ரை தம்பி, சேர்."

"குறிப்பிலை அது இல்லையே."

எழுதுவோமா என்று அவள் யோசித்திருந்தாள். எழுதினால் வீண் கதை வரும் என்று விட்டிருந்தாள். கஜீபன் அங்கே விற்பனையாளன் மட்டும்தான். அவளுக்கு ஒரு சதமும் வராது. ஆனால் அதை இப்போது சொன்னால் யார் நம்புவார்கள்? இவருக்கு இதைச் சொன்னது யார்? கணக்காளர் செபநாயகம்தான் என்று மனம் சொன்னது. அவர் குருநகரில் இருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். யாழ்ப்பாணத்தில் அந்தக் கடை வாசலில் அவளைக் கஜீபனோடு கண்டிருப்பார்.

அடுத்த நாள் கடைகளைப் பார்க்க, சங்கத்து வான் வண்டியில் தியாகலிங்கம், செபநாயகம், உதயகலா மூவரும் யாழ்ப்பாணம் போனார்கள்.

முதலாவது கடையில் புதுப் பெட்டியொன்றைப் பிரித்துக் காட்டினார்கள். மேற்பரப்பு மின்னியது. உதயகலா குனிந்து பின்பக்கத்தைப் பார்க்கப் போனாள்.

"நீர் தொடாதையும்," என்றார் தியாகலிங்கம். "செபநாயகம், நீர் பாரும். என்ன பார்க்கவேணும் எண்டு மட்டும் அவ சொல்லட்டும்."

"சீரியல் நம்பரை எடுங்கோ, அண்ணை. கொம்பனியின்ரை இணையத்தளத்திலை போட்டால் உத்தரவாதம் எப்ப தொடங்கினது எண்டு காட்டும்."

கடைக்காரர், "அதெல்லாம் என்னத்துக்கு, சேர்? நாங்கள் இருக்கிறம்தானே," என்று இடையில் வந்தார். செபநாயகம் அதற்குள் போனில் தட்டிவிட்டார். திரையைப் பார்த்தவர் அதை அப்படியே முகாமையாளரிடம் நீட்டினார். வேறொரு நாட்டில் விற்ற கணினி. உத்தரவாதம் தொடங்கி ஐந்து வருடம், முடிந்து இரண்டு வருடம்.

தியாகலிங்கம் வெளியே வந்தார். உதயகலாவுக்கு நெஞ்சு லேசானது. அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"உவன் பழசை விக்கிறான் எண்டதாலை மற்றவன் புதுசு விக்கிறான் எண்டில்லை. நீர் வானுக்குள்ளை இரும்."

அவர்கள் இரண்டாவது கடைக்குள் போனார்கள். வெயிலில் சூடேறிய வான் வண்டிக்குள் இருந்து அவள் கடைக் கண்ணாடியையே பார்த்தாள். கஜீபன் கைகளை ஆட்டி ஆட்டி எதையோ விளக்கினான். 'அண்ணி சொன்னவ' என்று ஏதும் உளறிவிடுவானோ? அவனே கடைக்காரரிடம் அவளுடைய பெயரைச் சொல்லிக் காசு ஏதும் வாங்கியிருப்பானோ? அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது. ஆனாலும் நினைப்பு நிற்கவில்லை.

செபநாயகம் முதலில் திரும்பி வந்தார்.

"புதுசுதான். மூண்டு வருடமும் சரி."

"அண்ணை, கஜீபனைப் பற்றிச் சேரிட்டைச் சொன்னது நீங்களோ?"

"ஓம். இந்தக் கடையிலை உமக்குத் தெரிஞ்ச ஆக்கள் இருக்கினமோ எண்டு கேட்டவர். தெரிஞ்சதைச் சொன்னன். நீர் முதல் எழுதியிருந்தால் நான் சொல்லத் தேவை வந்திராது."

குறிப்பைத் திருப்பி எழுதச் சொன்னார் தியாகலிங்கம். உறவை முதல் பந்தியிலேயே எழுதினாள்; கொள்வனவுக் குழுவில் இருந்தும் விலகினாள். கொம்பனி உத்தரவாதம் கட்டாயம் என்று போட்டு, மூடிய உறைகளில் புதிதாக விலை கேட்டார்கள். இரண்டாவது கடை இம்முறை அனுப்பவேயில்லை. இயக்குநர் சபை வேறொரு கடைக்கு, ஒன்று ஒரு இலட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரம் என்று அனுமதி கொடுத்தது.

பத்தும் வந்து இறங்கிய அன்று பின்னேரம் கஜீபன் வீட்டுக்கு வந்தான். தேத்தண்ணியைத் தொடவில்லை.

"உங்கடை சேர் எங்கடை முதலாளியிட்டை என்ன கேட்டவர் தெரியுமோ, அண்ணி? உங்களுக்கு எவ்வளவு கொமிசன் தாறனாங்கள் எண்டு. அதுக்குப் பிறகு முதலாளி என்னையும் ஒரு மாதிரித்தான் பார்க்கிறார்."

உதயகலா அவனுக்கு முன்னால் வந்து அமர்ந்தாள். "பிழை என்ரைதான்," என்றாள். "நாளைக்கு உங்கடை முதலாளியிட்டை நானே வந்து கதைக்கிறன்."

"வேண்டாம். நீங்கள் வந்தால் இன்னும் சந்தேகப்படுவார்."

அவன் எழும்பிப் போய் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினான்.