சித்தப்பா ‘ஐயோ’ என்று கத்தியபோது

சித்தப்பா மொட்டை மாடியில் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார். பட்டம் அவருடையது அல்ல, அண்ணன் மகள் மிளகுடையது. குட்டியாக, காரமாக இருப்பாள். அதனால் வீட்டில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். காகிதம் வெட்டி, பசை தடவி, பழைய சட்டையைக் கிழித்து நீல வால் ஒட்டி அவளே செய்த பட்டம். முன்னால் செய்ததெல்லாம் தரையை விட்டு எழும்பவே இல்லை. இதுதான் முதன்முதலில் பறந்தது.

“தண்ணி குடிச்சுட்டு வரேன். நூலை விட்டுடாதீங்க சித்தப்பா.”

“நானா? இதுல நான் பழம் தின்னு கொட்டை போட்டவன், போ!”

அவள் சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். மேலே, சித்தப்பாவின் மூக்கில் ஒரு கொசு உட்கார்ந்தது. சித்தப்பா இரண்டு கையாலும் அடித்தார். கொசு தப்பியது. பட்டமும் போனது.

“ஐயோ!”

அந்த ஐயோ தெரு முழுக்கக் கேட்டது.

மிளகு ஓடி வந்தாள். வானத்தைப் பார்த்தாள். சித்தப்பாவின் வெறும் கையைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று சித்தப்பாவுக்குத் தோன்றியது.

“என் மேல கோபமா, கண்ணு?”

“வாங்க, தேடலாம்.” இது பதிலா என்ன?

கீழே இஸ்திரிக் கடைக்காரர் இருந்தார். சித்தப்பா துப்பறிகிற தோரணையில் குரலைத் தாழ்த்தினார்.

“இன்னைக்கு நீங்க என்ன பண்ணீங்க?”

“கடையைத் திறந்தேன், துணி தேய்ச்சேன், டீ குடிச்சேன், மறுபடி தேய்ச்சேன்… எதுக்கு சார்? போலீஸ்ல சேர்ந்துட்டீங்களா?”

மிளகு சித்தப்பாவை மெதுவாக ஒதுக்கினாள். “இவரு ஐயோன்னு கத்தினாரே, அப்ப நீங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?”

“ஓ, அப்பவா! ஒரு சட்டைக் காலரைத் தேய்ச்சுக்கிட்டு இருந்தேன். தலையை நிமிர்த்தினா காலர் கருகிடும் பாப்பா. நான் எதையும் பார்க்கலை.”

அப்படியானால், அந்த நேரத்தில் மேலே பார்த்துக்கொண்டிருந்த ஆள்தான் வேண்டும்.

சலூன்காரர் ஒருவருக்கு மீசை திருத்திக்கொண்டிருந்தாராம். “உங்க ஐயோ வந்துச்சு, என் கை நழுவிச்சு,” என்றார். நாற்காலியில் இருந்தவர் பாதி மீசையோடு முறைத்தார். சித்தப்பா சட்டென்று தெருவுக்கு வந்துவிட்டார்.

பக்கத்தில் ஏணி மேல் பெயர்ப்பலகை எழுதுகிறவர் நின்றிருந்தார்.

“எழுதிக்கிட்டு இருந்தேன். ஐயோன்னு கேட்டுச்சு, திரும்பினேன். நீல வால் பட்டம்தானே? பூங்கா பக்கம் விழுந்துக்கிட்டு இருந்துச்சு.”

இருவரும் ஓடினார்கள். புல்லில் தேடினார்கள், புதருக்குள் தேடினார்கள். சித்தப்பா குப்பைத் தொட்டிக்குள்கூடத் தலையை விட்டார். வாழைப்பழத் தோல்தான் கிடைத்தது.

“இங்கதான் விழுந்துச்சுன்னு சொன்னாரே!”

மிளகு நெற்றியைச் சுருக்கினாள். “விழுந்துச்சுன்னு சொல்லலை சித்தப்பா. விழுந்துக்கிட்டு இருந்துச்சுன்னுதான் சொன்னாரு.”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

“இல்லையே. காலையில நீங்க எழுந்துக்கிட்டு இருந்தீங்க, எழுந்துக்கிட்டே இருந்தீங்க. எழுந்தீங்களா?”

சித்தப்பா இருமினார். மறுபடி போர்வைக்குள் போனது அவருக்கு நினைவிருந்தது.

திரும்பிப் போய் மிளகு ஏணியடியில் நின்று கேட்டாள். “அது தரையைத் தொட்டதைப் பார்த்தீங்களா?”

அவர் யோசித்தார். “இல்லையே பாப்பா. அது இறங்கிக்கிட்டே இருந்துச்சு. அதுக்குள்ள பிரஷ்ல இருந்து பெயிண்ட் சொட்டிச்சு, நான் பலகைப் பக்கம் திரும்பிட்டேன். கடைசியில எங்க விழுந்துச்சுன்னு பார்க்கலை.”

“அப்ப அது கீழே வரவே இல்லை! பாதி வழியில எதிலயோ மாட்டிக்கிச்சு.”

இந்த முறை இருவரும் தரையைப் பார்க்கவில்லை. மேலே பார்த்தார்கள். பூங்கா மூலையில் ஒரு பெரிய மரம். அதன் இலைகளுக்கு நடுவே நீல வால் ஆடிக்கொண்டிருந்தது.

“நான் ஏறுறேன்!” என்றார் சித்தப்பா. மரம் ஏறிப் பல வருஷம் ஆகியிருந்தது. பேன்ட் அதை ஒத்துக்கொள்ளவில்லை, டர்ரென்று கிழிந்தது. அவர் பட்டத்தை எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தபோது கிளை முறிந்தது. தொப்! சித்தப்பா கீழே சேற்றில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையாலும் பட்டத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். ஒரு ஓரம் லேசாகக் கிழிந்திருந்தது. அவ்வளவுதான், ஒட்டிவிடலாம்.

அவர் மூக்கில் ஒரு கொசு உட்கார்ந்தது. கடித்தது. சித்தப்பா கையை எடுக்கவே இல்லை.

மிளகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“இப்பவாவது சொல்லு, மிளகு. என் மேல கோபமா?”

அவள் பட்டத்தை வாங்கிக்கொண்டாள். “கோபப்பட்டுக்கிட்டுத்தான் இருந்தேன் சித்தப்பா. நீங்க தொப்புன்னு விழுந்தீங்க. கோபம் போயிடுச்சு.”